பாக்கி ஸ்டேட்மென்ட் அனுப்பி, தகராறு பில்களைத் தீர்த்து, பணத்துக்குத் தேதி வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாபேட்டையில் நூல் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். தறிக்காரர்களுக்குக் கடனில் நூல் கொடுத்துவிட்டு, பாக்கி கேட்கும்போது “உங்க கணக்கு வேற, எங்க கணக்கு வேற” என்ற பதிலோடு திரும்பி வரும் முதலாளிகள் என்னிடம் கேட்கும் கேள்விகள்தான் இவை. ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்கிறார்கள், அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. உதாரணங்கள் நூல் வியாபாரத்தில் இருக்கும், ஜவ்வரிசி விற்பவருக்கும் வெள்ளிக் கொலுசு விற்பவருக்கும் கணக்கு ஒன்றுதான்.

ஸ்டேட்மென்ட்னா என்னங்க, லெட்ஜரை பிரிண்ட் எடுத்து அனுப்பினா போதாதா?

போதாது. லெட்ஜர் உங்களுக்காக எழுதியது, ஸ்டேட்மென்ட் அவர் படித்துப் பார்த்து பதில் சொல்வதற்காக எழுதுவது. லெட்ஜரில் பில்லும் வரவும் தேதி வாரியாகக் கலந்து கிடக்கும், கடைசியில் ஒரே ஒரு பாக்கித் தொகை நிற்கும். அதைப் பார்ப்பவர் “இவ்வளவா?” என்று கேட்டுவிட்டு மடித்து வைத்துவிடுவார்.

ஸ்டேட்மென்ட்டில் பில் வாரியாக இருக்க வேண்டும். பில் நம்பர், தேதி, எத்தனை மூட்டை, தொகை, அந்த பில்லுக்கு வந்த பணம், மீதி, கெடு முடிந்து எத்தனை நாள். வலது ஓரத்தில் “உங்கள் கணக்குப்படி” என்று ஒரு காலிக் கட்டம் விடுங்கள். நான் பார்த்தவரை அந்தக் காலிக் கட்டம்தான் வேலை செய்கிறது. மொத்தத்தை மறுப்பது சுலபம். பில் பில்லாக வரும்போது அவருடைய கணக்குப்பிள்ளை தன் நோட்டைத் திறந்து ஏதாவது ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும்.

எந்தத் தேதியிலிருந்து ஆரம்பிக்கணும்? மூணு வருஷக் கணக்கையும் அனுப்பணுமா?

கடைசியாக இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட பாக்கி எந்தத் தேதியோ, அங்கிருந்து. மார்ச் 31-க்கு கையெழுத்து வாங்கி வைத்திருந்தால் ஏப்ரல் 1 முதல் போதும். அப்படி ஒத்துக்கொண்ட தேதியே இல்லை என்றால், பாக்கி நிற்கும் பில்களில் மிகப் பழையதிலிருந்து ஆரம்பியுங்கள். “முன்பாக்கி 1,42,300” என்று ஒற்றை வரி போட்டுத் தொடங்கினால் தகராறு அந்த வரியிலேயே நின்றுவிடும்.

நிஜமா ஒரு கணக்கு எப்படி நேராச்சுன்னு காட்டுங்களேன்.

போன வருடம் நடந்தது. வாங்கியவர் ஜலகண்டாபுரம் பக்கம் தறி வைத்திருப்பவர், பத்து வருடப் பழக்கம். 40-ம் நம்பர் நூல், 50 கிலோ மூட்டை, கிலோ 300 ரூபாய், அதன் மேல் 5% ஜிஎஸ்டி, 45 நாள் கெடு. ஆகஸ்ட் 31 வரை எங்கள் கணக்கு இப்படி இருந்தது: பில் 198 (ஜூன் 3) 16 மூட்டை, 2,52,000. பில் 214 (ஜூன் 18) 12 மூட்டை, 1,89,000. பில் 231 (ஜூலை 1) 10 மூட்டை, 1,57,500. பில் 247 (ஜூலை 9) 4 மூட்டை, 63,000. தாமத வட்டி என்று முதலாளி எழுதச் சொன்னது 6,750. நடுவில் வந்த பணம் 60,000. ஆக பாக்கி 6,08,250.

காலிக் கட்டத்தை நிரப்பி அவர் திருப்பி அனுப்பியதில் அவருடைய பாக்கி 5,17,500. வித்தியாசம் 90,750. முதலாளிக்குக் கோபம், “தொண்ணூறாயிரத்தை முழுங்கப் பார்க்கிறான்” என்றார். கட்டங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நான்கே இடத்தில்தான் இருந்தது. பில் 247 அவர் நோட்டிலேயே இல்லை, அது 63,000. பில் 214-ல் ஒரு மூட்டை திருப்பி அனுப்பியதாக 15,750 கழித்திருந்தார். பில் 231-ல் பேசிய ரேட் 290 தான் என்று கிலோவுக்குப் பத்து ரூபாய் கழித்திருந்தார், வரியோடு 5,250. வட்டி 6,750 அவர் கணக்கில் இல்லவே இல்லை. நான்கையும் கூட்டினால் 90,750.

இப்படி நான்கு வரியாகப் பிரிந்த பிறகு யாரும் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு காகிதத்தைத் தேட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பில் போட்டு சரக்கு அனுப்பியாச்சு, அவர் “சரக்கே வரலை”ங்கிறார். என்ன செய்ய?

பில்லின் நகலைத் திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள். பில் நீங்கள் போட்டது, அதை வைத்து அவர் வாங்கினார் என்று காட்ட முடியாது. வாங்கியவர் பக்கத்துக் கையெழுத்துதான் வேண்டும்.

மேலே சொன்ன பில் 247-ல் அதுதான் சிக்கல். பெரிய பில்லாக இருந்தால் இ-வே பில்லில் வண்டி நம்பராவது இருக்கும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை இ-வே பில் தேவையில்லை என்பதால் 63,000 ரூபாய் பில்லுக்கு எடுக்கவே இல்லை. லாரி ஆபீசில் போய்க் கேட்டோம். அவர்கள் கட்டில் இருந்த டெலிவரி சீட்டில் கையெழுத்து, பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில் ஆளுடையது. அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, அந்த நான்கு மூட்டையை மட்டும் “நேரா சைசிங்குக்கே போட்டுடுங்க” என்று அவரே போனில் சொல்லியிருந்தார். சீட்டைப் படமெடுத்து அனுப்பினோம். அவர் சைசிங் மில்லில் விசாரித்துவிட்டு அன்று சாயங்காலமே “ஆமாங்கண்ணா, பாவுல ஓடிடுச்சு, நோட்டுல ஏறலை” என்றார்.

இதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். வேறு இடத்தில் சரக்கை இறக்கச் சொன்னால் பில்லிலேயே அந்த இடத்தை எழுதிவிடுவது.

சரக்கைத் திருப்பி அனுப்பிட்டு அவரே டெபிட் நோட் போட்டுட்டார். அதை அப்படியே ஏத்துக்கணுமா?

அவர் அனுப்பும் டெபிட் நோட் அவருடைய கோரிக்கை, அவ்வளவுதான். ஜிஎஸ்டியில் வரியைக் குறைப்பது விற்றவர் போடும் கிரெடிட் நோட் மட்டுமே. அதற்கும் கெடு உண்டு: பில் எந்த நிதியாண்டில் போட்டதோ அது முடிந்த பிறகு வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் போட்ட நாள், இதில் எது முந்தியோ அது. அதைத் தாண்டினால் பாக்கியைக் குறைத்துக் கொடுக்கலாம், கட்டிய வரி திரும்பாது. அவரும் அந்த மூட்டைக்கு எடுத்த வரிக் கழிவைத் திருப்பியாக வேண்டும், அதனால் கிரெடிட் நோட் அவர் கணக்கிலும் அதே மாதம் ஏறுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தொகையை எடை போட்டு முடிவு செய்யுங்கள். அந்த மூட்டை திரும்பி வந்தபோது தராசில் வைத்தால் 46 கிலோதான். கோன் நனைந்திருக்கிறது என்று தெரிவதற்குள் நான்கு கிலோவை ஓட்டியிருந்தார்கள். 46 கிலோவுக்கு 13,800, வரி 690, ஆக 14,490-க்கு கிரெடிட் நோட் போட்டோம். அவர் கழித்தது 15,750. அந்த 1,260 ரூபாய்க்கு அவர் முணுமுணுத்தார், எடைச் சீட்டைப் பார்த்ததும் விட்டுவிட்டார். திரும்பி வரும் சரக்கை வாசலிலேயே எடை போட்டு, கொண்டு வந்த வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்காமல் உள்ளே விடாதீர்கள். ஒரு மாதம் கழித்து எடை போட்டால் அது உங்கள் குடோன் எடை.

ரேட் தகராறுல யார் பேச்சை எடுத்துக்கறது?

பில் போட்ட அன்று இருந்த பேச்சை. நூல் ரேட் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும், அதனால் ஆர்டர் எடுத்த நாளும் சரக்கு போன நாளும் வேறாக இருந்தால் இந்தத் தகராறு வந்தே தீரும். பில் 231-க்கு வாட்ஸ்அப்பை மேலே தள்ளிப் பார்த்ததில், ஜூன் 27 அன்று எங்கள் பையனே “290 போட்டுடறேன்” என்று அனுப்பியிருந்தான். தப்பு எங்களுடையது. 5,250-க்கு அன்றைக்கே கிரெடிட் நோட். நம் தப்பை முதலில் ஒத்துக்கொண்டால் அடுத்த வரியில் அவரும் இறங்கி வருவார். இதை வியாபாரத் தந்திரமாகச் சொல்லவில்லை, பல தடவை அப்படி நடந்ததைப் பார்த்துச் சொல்கிறேன்.

லேட்டுக்கு வட்டி போட்டேன், அவர் சிரிக்கிறார்.

பில்லில் “45 நாளுக்கு மேல் இத்தனை சதவீதம் வட்டி” என்று அச்சடித்து இருக்கிறதா, இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது வசூலித்திருக்கிறீர்களா? இரண்டும் இல்லையென்றால் சிரிக்கத்தான் செய்வார். இன்னொன்று, தாமதத்துக்காக வாங்கும் வட்டி சரக்கின் விலையோடு சேரும், கைக்கு வரும்போது அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. பல பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் கணக்கில் அந்த 6,750-ஐ விட்டுக்கொடுத்தோம், ஆனால் சும்மா விடவில்லை. சொன்ன தேதியில் பணம் வந்தால் வட்டி இல்லை, தவறினால் உண்டு என்று எழுதிவிட்டோம். வட்டியைத் தனி வரியாகவே காட்டுங்கள். பாக்கியோடு கலந்துவிட்டால் மொத்தப் பாக்கியும் தகராறு போலத் தெரியும்.

ஆக, 6,08,250-லிருந்து 5,250, 14,490, 6,750 மூன்றும் போக 5,81,760. அவர் பக்கத்திலிருந்து வந்தாலும் 5,17,500-உடன் 63,000, அப்புறம் அந்த 1,260, அதே 5,81,760. இரண்டு பக்கமிருந்தும் ஒரே எண் வந்தால்தான் கணக்கு நேரானது. ஒரு பக்கம் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு “சரி” என்று எழுந்துவிடாதீர்கள்.

“எல்லாத் தகராறும் தீரட்டும், அப்புறம் மொத்தமா தர்றேன்”னு சொல்றாரே?

இதுதான் இருப்பதிலேயே அதிகம் கேட்ட கேள்வி. தகராறு 90,750-க்குத்தான். 5,17,500 அவரே தன் கையால் எழுதிய பாக்கி, அதில் எந்தச் சண்டையும் இல்லை. எல்லா பில்லும் 45 நாள் தாண்டியாகிவிட்டது. ஒரு மூட்டை நனைந்ததற்காக நாற்பது மூட்டைப் பணம் ஏன் நிற்க வேண்டும்?

ஆனால் இதைச் சண்டையாகக் கேட்க வேண்டாம். ஸ்டேட்மென்ட்டின் அடியிலேயே இரண்டு வரியாகப் பிரித்துக் காட்டுங்கள்: “இருவரும் ஒத்துக்கொண்டது 5,17,500, பார்க்க வேண்டியது 90,750.” போனில் கேட்பதும் முதல் வரியைத்தான். எங்கள் முதலாளி கேட்டது இப்படி: “அண்ணா, அந்த நாலு மூட்டை விஷயம் நான் பார்த்துச் சொல்றேன், நீங்க எழுதின அஞ்சு லட்சத்துப் பதினேழுக்கு எப்ப, எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க.” தகராறைத் தேடும் வேலை நம் தலையில், தேதி சொல்லும் வேலை அவர் தலையில்.

தேதி கேட்டா “ஆடி போகட்டும்”, “தீபாவளி முடியட்டும்”னுதான் பதில் வருது.

ஆடியில் கையில் பணம் புரளாது என்பது உண்மைதான், கோட்டை மாரியம்மன் பண்டிகை முடியும்வரை சேலத்தில் பாதி வசூல் மெதுவாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் நாங்களே ஆகஸ்ட் 31 கணக்கு எடுத்தோம். ஆனால் “தீபாவளி முடியட்டும்” என்பது தேதி ஆகாது. தீபாவளிக்கு மறுநாளும் அதற்குள் அடங்கும், பொங்கலும் அடங்கும்.

அவருக்கு எங்கிருந்து, எப்போது பணம் வரும் என்று கேளுங்கள். எங்களவருக்குத் துண்டு வாங்கும் ஈரோட்டு வியாபாரி மாதம் இரண்டு தடவை பணம் போடுவாராம். அதை ஒட்டியே வைத்தோம்: செப்டம்பர் 15-ல் 2,00,000, செப்டம்பர் 30-ல் 2,00,000, அக்டோபர் 15-ல் மீதி 1,81,760. மொத்தத்தையும் ஒரே தேதிக்கு வாங்குவதை விட இது நல்லது. முதல் தவணை தவறினாலே பதினைந்து நாளில் தெரிந்துவிடும், புதுச் சரக்கை நிறுத்தலாமா என்று யோசிக்க நேரம் இருக்கும். புதுசாக எடுக்கும் நூலுக்கு என்ன முறை என்பதையும் அதே காகிதத்தில் எழுதிவிடுங்கள். நாங்கள் அக்டோபர் 15 வரை ரொக்கம் என்று வைத்தோம்.

நடுவில் அறுபதாயிரம் போட்டாரே, அதை எந்த பில்லுக்குக் கழிப்பது? அவர் புது பில்லுக்குங்கிறார்.

பணம் போடும்போதே இந்த பில்லுக்கு என்று அவர் சொல்லியிருந்தால் அதற்குத்தான். சொல்லவில்லை என்றால் நீங்கள் விரும்பும் பில்லில் கழிக்கலாம். இரண்டு பேருமே ஒன்றும் சொல்லாவிட்டால் பழைய பில் முதலில். ஒப்பந்தச் சட்டத்தின் 59, 60, 61 பிரிவுகள் சொல்வது இதுதான்.

டேலியில் பணத்தை `On Account` என்று போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள், அதனால்தான் பில் வாரிப் பாக்கி குழம்புகிறது. பணம் வந்த அன்றே `Agst Ref` போட்டு பில் நம்பரைத் தேர்ந்தெடுங்கள், “198-ல் வரவு வைத்தோம்” என்று ஒரு வரி அவருக்கும் அனுப்புங்கள்.

“ஏழு நாளில் பதில் இல்லையென்றால் ஒத்துக்கொண்டதாகக் கருதப்படும்”னு கீழே போட்டா போதுமா?

போடுங்கள், தப்பில்லை, சில பேர் அதைப் பார்த்தாவது பதில் எழுதுவார்கள். ஆனால் அவர் சும்மா இருந்ததை மட்டும் வைத்து ஒப்புதல் என்று நம்பி உட்கார வேண்டாம். காலாவதி விஷயத்தில் சட்டம் கேட்பது எழுத்தும் கையெழுத்தும்.

கெடு வைத்து விற்ற சரக்குக்கு, கெடு முடிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்த மூன்று வருடம் முடிவதற்குள் “இவ்வளவு பாக்கி உண்டு” என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் (காலவரையறைச் சட்டம், பிரிவு 18). முடிந்த பிறகு வாங்கும் கையெழுத்து அந்தப் பிரிவில் உதவாது. “பாக்கி உண்டு, ஆனா இப்ப தர மாட்டேன்” என்று எழுதினால்கூட ஒப்புதல்தான், அதனால் அவர் கோபமாக எழுதிய பதிலையும் கிழிக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போட்டா?

அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள நல்லது. அதை வைத்துக்கொண்டு காகிதத்தில் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். கடை முதலாளியோ பங்குதாரரோ, இல்லை அவர்கள் அதிகாரம் கொடுத்தவரோ போட வேண்டும், வாசலில் இருக்கும் பையன் போட்டால் செல்லாது. நாங்கள் சரி செய்த ஸ்டேட்மென்ட்டை இரண்டு பிரதி எடுத்து, 5,81,760-ஐ எழுத்திலும் எழுதி, மூன்று தேதியையும் அதன் கீழேயே போட்டு, நேரில் போய் வாங்கினோம். டீ குடித்துவிட்டுத்தான் போட்டார், போட்டார்.

45 நாளில் பணம் தரணும்னு சிறுதொழில் சட்டம் இருக்கே, அதைக் காட்டி மிரட்டலாமா?

நூல் வாங்கி விற்கும் வியாபாரியாக இருந்தால் முடியாது. உதயம் பதிவு உங்களிடம் இருக்கலாம், ஆனால் வியாபாரிகளுக்கு அந்தப் பதிவு முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான், தாமதப் பணச் சட்டம் பொருந்தாது. நீங்களே நூற்பவராகவோ சைசிங் வைத்திருப்பவராகவோ இருந்து, குறு, சிறு நிறுவனமாகப் பதிவும் இருந்தால் பொருந்தும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள், தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்குக்கு மாதாந்திரக் கூட்டு வட்டி.

வியாபாரிக்குப் பயன்படுவது ஜிஎஸ்டியின் 180 நாள் விதி. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் வாங்கியவர் எடுத்த வரிக் கழிவை வட்டியோடு திருப்ப வேண்டும், பணம் கொடுத்த பின் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஜூன் 3 பில்லுக்கு அது நவம்பர் 30. ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே அந்தத் தேதியைப் போட்டு வையுங்கள், ஒரு வார்த்தைகூட பேச வேண்டாம். அவருடைய ஆடிட்டர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

தேதி போட்டு செக் வாங்கிக்கறதா, வேண்டாமா?

ஒத்துக்கொண்ட தொகைக்கு வாங்கலாம். தகராறு தீராத தொகைக்கு வாங்காதீர்கள், பின்னால் “அது பாக்கியே இல்லை” என்ற வாதத்துக்கு நீங்களே வழி வைத்ததாகும். செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். திரும்பினால், வங்கி சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ், அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். ஒரு தேதி தவறினாலும் அந்த வழி கெட்டுவிடலாம், அதனால் திரும்பிய அன்றே வக்கீலைப் பாருங்கள்.

எங்கள் ஜலகண்டாபுரத்துக்காரர் மூன்று செக் கொடுத்தார். முதல் இரண்டும் பாஸ். மூன்றாவதைப் போடும் முன் போன் செய்து “நாலு நாள் தள்ளிப் போடுங்கண்ணா” என்றார். அக்டோபர் 19-ல் போட்டோம், பாஸாகிவிட்டது, அந்த 6,750-ஐ முதலாளி கேட்கவில்லை.